ரெகவரி ரூம் கிறுக்கல்களை நேரவாரிப் பதிவாக்குவது எப்படி

அறுவை சிகிச்சை முடிந்து மயக்கம் தெளியும் அந்த ஒன்றிரண்டு மணி நேரம் நோயாளி ரெகவரி ரூமில் இருப்பார். அங்கே இருக்கும் ஸ்டாஃப் நர்ஸுக்கு இரண்டு கையும் போதாது. ஒரு கை நோயாளியின் தாடையைத் தூக்கிப் பிடித்திருக்கும். மற்றொரு கை மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் எழுதப்படுவது கேஸ் ஷீட்டில் ஏறாது. கையுறைப் பெட்டியின் ஓரத்திலும், பிளாஸ்டர் துண்டிலும், சில சமயம் உள்ளங்கையிலும் ஏறும். அது தவறல்ல, அந்த வேலையின் இயல்பே அது. அந்தத் துண்டிலிருந்து கேஸ் ஷீட்டுக்கு மாற்றும்போதுதான் தவறு நேர்கிறது. நேரம் இல்லாத எண்ணுக்கு ஒரு நேரம் கற்பனையாக வந்து சேரும், பார்க்காத ஒன்றுக்கு மதிப்பெண் விழும், மூன்று வெவ்வேறு கணத்தில் பார்த்தவை ஒரே வரியில் கூட்டப்படும்.

பித்தப்பையை லேப்ராஸ்கோப்பி மூலம் எடுத்த ஒரு நோயாளியின் கிறுக்கலை எடுத்துக்கொண்டு, அதை எப்படிப் பதிவாக்குவது என்று படிப்படியாகப் பார்ப்போம். நோயாளி விளக்கத்துக்காக அமைத்தவர்: 46 வயதுப் பெண், முழு மயக்கம், மயக்கத்துக்கு முந்தைய பரிசோதனைத் தாளில் ரத்த அழுத்தம் 140/86.

முதலில் மதிப்பெண் எது என்று தெரிந்துகொள்வோம்

பெரும்பாலான மருத்துவமனைகளில் பயன்படுவது ஆல்டிரீட் மதிப்பெண். ஆல்டிரீட், க்ரூலிக் என்ற இருவர் 1970-ல் வெளியிட்டது. பிறந்த குழந்தைக்குப் போடும் ஆப்கார் மதிப்பெண்ணைப் போலவே, ஐந்து விஷயங்களைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று கொடுத்து 10-க்குக் கூட்டுவது. அன்றைக்குத் தோலின் நிறத்தைப் பார்த்தார்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் பரவலான பிறகு, 1995-ல் நிறத்தின் இடத்தில் ஆக்சிஜன் அளவு வந்தது. இப்போது புழக்கத்தில் இருப்பது அந்தத் திருத்திய வடிவம்தான்.

இயக்கம்: சொன்னபடியோ தானாகவோ நான்கு கைகால்களையும் அசைத்தால் 2, இரண்டை மட்டும் அசைத்தால் 1, எதையும் அசைக்காவிட்டால் 0.

மூச்சு: ஆழமாக மூச்சிழுத்துத் தாராளமாக இரும முடிந்தால் 2, மூச்சுத் திணறலோ மேலோட்டமான மூச்சோ இருந்தால் 1, மூச்சே இல்லையென்றால் 0.

ரத்த ஓட்டம்: ரத்த அழுத்தம் மயக்கத்துக்கு முந்தைய அளவிலிருந்து 20 சதவீதத்துக்குள் மாறியிருந்தால் 2, 20 முதல் 49 வரை மாறியிருந்தால் 1, 50-ம் அதற்கு மேலும் என்றால் 0.

விழிப்பு: முழுமையாக விழித்திருந்தால் 2, கூப்பிட்டால் விழித்தால் 1, அசைவே இல்லையென்றால் 0.

ஆக்சிஜன்: வெறும் அறைக்காற்றில் SpO2 92-க்கு மேல் நின்றால் 2, 90-க்கு மேல் நிற்க ஆக்சிஜன் தேவைப்பட்டால் 1, ஆக்சிஜன் கொடுத்தும் 90-க்குக் கீழே என்றால் 0.

வார்டுக்கு அனுப்ப வழக்கமாகக் கேட்பது 9 அல்லது 10. ஐந்தையும் மறுபடி பாருங்கள், வலி அதில் இல்லை. குமட்டலும் இல்லை. ரத்தக் கசிவும் உடல் சூடும்கூட இல்லை. 10-க்கு 10 வாங்கிய ஒருவர் வலியில் துடித்துக்கொண்டிருக்கலாம். அதனால் பதிவில் வலிக்கும் குமட்டலுக்கும் தனித்தனிப் பத்திகள் வேண்டும். அவற்றை ஆல்டிரீட் எண்ணோடு கலக்கக் கூடாது.

கிறுக்கல் இப்படி இருந்தது

```
11.40 வந்தாச்சு  96/58  94  கூப்பிட்டா முழிக்கிறாங்க
கை கால் +
ஆன்டன் 4
வலி 8   பென் 25
118/70  97  நாலும் தூக்குறாங்க, இருமல் லேசா
வலி 6   பென் 25
வலி 3
வாந்தி 1   மெட்டோ 10
மாஸ்க் எடுத்தாச்சு 95  கொஞ்சம் பரவால்ல
12.40   9   வார்டு?
```

பத்து வரியில் நேரம் இருப்பது இரண்டு வரிகளுக்கு மட்டும். மீதி எட்டையும் இந்த இரண்டுக்கும் நடுவே சமமாகப் பிரித்துப் போட்டுவிடலாம் என்று கை பரபரக்கும். 11:45, 11:50, 11:55 என்று ஒழுங்காக அமைந்த பதிவுகள் பல இப்படித்தான் உருவாகின்றன. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அந்த நேரங்களில் ஒன்றுகூட உண்மையாக இருக்காது.

நேரத்தை எங்கிருந்து எடுப்பது

ஒரு வரிக்கு நேரம் கண்டுபிடிக்க மூன்று இடங்கள் உண்டு. நம்பிக்கையின் வரிசையில் சொன்னால், முதலில் மானிட்டரின் நினைவகம், அடுத்து போதை மருந்துப் பதிவேடு, கடைசியில் நேரில் பார்த்தவரின் ஞாபகம்.

மானிட்டர் தானாக எடுக்கும் ரத்த அழுத்தங்களை நேரத்தோடு சேமித்து வைத்திருக்கும். அதில் 118/70 என்ற அளவு 12:02-ல் பதிவாகியிருக்கிறது. உடனே 12:02 என்று எழுதிவிடக் கூடாது. நோயாளி வந்தவுடன் எடுத்த 96/58 அந்த மானிட்டரில் 11:47 என்று இருக்கிறது, கிறுக்கலிலோ சுவர்க் கடிகாரப்படி 11:40. ஆக மானிட்டர் 7 நிமிடம் முந்துகிறது. 118/70-ன் உண்மையான நேரம் 11:55. மின்தடை வந்து போனபின்பும், மானிட்டரை அறை மாற்றிய பின்பும் இந்த வித்தியாசம் சகஜம். ஷிஃப்ட் தொடங்கும்போதே சுவர்க் கடிகாரத்தையும் மானிட்டரையும் ஒப்பிட்டு, "மானிட்டர் +7 நிமிடம்" என்று தாளின் தலையில் எழுதிவிட்டால் பிறகு இந்தத் துப்பறியும் வேலை தேவையில்லை.

'பென்' என்பது ஃபென்டனில். அது பூட்டி வைக்கும் மருந்து என்பதால் ஒவ்வொரு முறை எடுத்ததும் பதிவேட்டில் ஏறியிருக்கும். இங்கே 11:50, 12:00 என்று இரண்டு பதிவுகள். ஆக வலி 8, வலி 6 இரண்டுக்கும் நேரம் கிடைத்துவிட்டது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வலி 8 என்பது ஊசிக்கு முன் கேட்டதா, பின் கேட்டதா? கிறுக்கலில் வலி முதலிலும் மருந்து அடுத்தும் இருக்கிறது, எனவே ஊசிக்கு முன். பதிவில் "ஊசிக்கு முன்" என்று சொல்லியே எழுத வேண்டும். இல்லையென்றால் படிப்பவர், மருந்து போட்ட பிறகும் 8 என்று புரிந்துகொள்வார்.

மாஸ்க் எடுத்த நேரம் எங்கும் எழுதப்படவில்லை. மானிட்டரின் SpO2 கோடு 98-லிருந்து இறங்கத் தொடங்குவது மானிட்டர் நேரம் 12:32 வாக்கில். ஏழைக் கழித்தால் 12:25. இது ஊகம் கலந்தது, ஆகவே "சுமார் 12:25, மானிட்டர் கோட்டிலிருந்து" என்று எழுத வேண்டும்.

வாந்திக்கு எந்த ஆதாரமும் இல்லை. பார்த்த நர்ஸ் பக்கத்திலேயே இருக்கிறார். கேட்டால், "ரெண்டாவது ஃபென்டனில் போட்டு ஒரு கால் மணி நேரம் இருக்கும் சார்" என்கிறார். "சுமார் 12:15, நர்ஸ் சொன்னது" என்று எழுதலாம்.

'வலி 3' மட்டும் அநாதையாக நிற்கிறது. தாளில் அதன் இடத்தைப் பார்த்தால் இரண்டாவது ஊசிக்குப் பின், வாந்திக்கு முன். அதற்கு மேல் எதுவும் தெரியாது. "12:00-க்கும் 12:15-க்கும் இடையே" என்று எழுதுவதுதான் நேர்மை. 12:10 என்று எழுதினால் பதிவு நேர்த்தியாகத் தெரியும். ஆனால் ஃபென்டனில் போட்டுப் பத்து நிமிடத்தில் வலி பாதியானது என்ற, யாரும் பார்க்காத ஒரு தகவல் கேஸ் ஷீட்டில் ஏறிவிடும்.

ஒரே மருந்து இரண்டு முறையா?

'ஆன்டன் 4' என்ற வரி ஆபத்தானது. ஆன்டான்செட்ரான் 4 மி.கி., வாந்தியைத் தடுக்கும் ஊசி. அதை ரெகவரி ரூமில் கொடுத்தார்களா, அல்லது தியேட்டரில் கொடுத்ததை மயக்க மருத்துவர் ஒப்படைக்கும்போது சொல்ல, நர்ஸ் குறித்துக்கொண்டாரா? கிறுக்கலில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

மயக்கப் பதிவுத் தாளில் பார்த்தால், 11:20-க்கு ஆன்டான்செட்ரான் 4 மி.கி. கொடுத்ததாக இருக்கிறது. ரெகவரி ரூமில் உடைத்த ஆம்ப்யூல் எதுவும் இல்லை. நர்ஸும் "அது டாக்டர் சொன்னது" என்கிறார். ஆகவே அது ஒப்படைப்புக் குறிப்பு, புது ஊசி அல்ல.

இதைக் கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் இரண்டு விதத்தில் தப்பாகியிருக்கும். வரியை அப்படியே 11:45 போல ஒரு நேரம் போட்டு ஏற்றியிருந்தால் நோயாளிக்கு 8 மி.கி. போனதாகக் கணக்கு வரும். வரியை விட்டுவிட்டிருந்தால், வாந்தி எடுத்ததும் மறுபடி ஆன்டான்செட்ரானே போட யாராவது முனைந்திருப்பார்கள். தடுப்பாக ஒரு வகை மருந்து கொடுத்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால், அதே வகையை மறுபடி கொடுப்பதில் பயன் குறைவு. வேறு வகைக்கு மாற வேண்டும். இங்கே மயக்க மருத்துவர் மெட்டோகுளோபிரமைடு 10 மி.கி. சொன்னது அதனால்தான். ஒப்படைப்பில் கேட்டவற்றைத் துண்டுத்தாளில் எழுதும்போது பக்கத்தில் 'தி' என்று ஓர் எழுத்துப் போட்டால் போதும், தியேட்டரில் கொடுத்தது என்று விளங்கிவிடும்.

மதிப்பெண் ஒரு கணத்துக்கு உரியது

இப்போது 11:40-க்கு மதிப்பெண் போட முயல்வோம். ரத்த அழுத்தம் 96. முந்தைய அளவு 140. வித்தியாசம் 44, அதாவது 31 சதவீதம் குறைவு. ஆகவே ரத்த ஓட்டம் 1. இந்தக் கணக்கில் அடிக்கடி ஒரு சறுக்கல் நடக்கும். தியேட்டரை விட்டுக் கிளம்பும்போது இருந்த 102-ஐ எடுத்து ஒப்பிட்டால் வித்தியாசம் 6 சதவீதம்தான், மதிப்பெண் 2 ஆகிவிடும். மயக்கத்தில் இருந்தபோது எடுத்த அளவு ஒப்பீட்டுக்கு உதவாது. மயக்கத்துக்கு முந்தையதைத்தான் எடுக்க வேண்டும், அதையும் தாளின் தலையில் ஒரே ஒரு முறை எழுதி, கடைசி வரை அதையே பயன்படுத்த வேண்டும். 140-க்கு 20 சதவீதம் 28. ஆகவே 112-க்கு மேலும் 168-க்குக் கீழும் இருந்தால் 2 என்று முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்டால் ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட வேண்டியதில்லை.

கூப்பிட்டால் விழிக்கிறார், விழிப்பு 1. மாஸ்க்கில் 94, ஆக்சிஜன் 1. மாஸ்க்கோடு இருக்கும்வரை எண் 100 ஆனாலும் 2 கொடுக்க முடியாது, ஏனென்றால் அறைக்காற்றில் நிற்குமா என்று இன்னும் சோதிக்கவில்லை.

மூச்சுக்கு? எழுதவில்லை. இயக்கத்துக்கு 'கை கால் +' என்று மட்டும் இருக்கிறது. நான்கா, இரண்டா? கேட்டால் நர்ஸுக்கு ஞாபகமில்லை. இந்த இரண்டு இடத்திலும் கோடு போட வேண்டும். ஐந்தில் இரண்டு இல்லாததால் 11:40-க்கு மொத்தம் கிடையாது. "மொத்தம் 7 இருக்கும்" என்று உத்தேசமாக நிரப்புவதைவிட வெற்றிடம் மேல். அந்த வெற்றிடம், நோயாளி வந்த கணத்தில் முழுப் பரிசோதனை நடக்கவில்லை என்ற உண்மையைச் சொல்கிறது.

11:55-க்கு ஐந்தும் கிடைக்கின்றன. நாலும் தூக்குகிறார், 2. இருமல் லேசாக, 1. 118 என்பது 16 சதவீதக் குறைவு, 2. ஐந்து நிமிடம் முன்பு ஃபென்டனில் போட்டதால் கண் செருகிக் கூப்பிட்டால் விழிப்பதாக நர்ஸ் சொல்கிறார், 1. மாஸ்க்கில் 97, 1. மொத்தம் 7.

12:40-ன் 9

கிறுக்கலின் கடைசி வரி '9, வார்டு?' என்கிறது. பகுதிகள் இல்லாமல் மொத்தம் மட்டும். இதை அப்படியே கேஸ் ஷீட்டில் ஏற்றினால் நோயாளி வார்டுக்குப் போகத் தகுதியானவர். ஆனால் 9 என்பது பல வழிகளில் வரலாம், எந்த 1 குறைந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பிரித்துக் கேட்டால் கணக்கு இப்படி வருகிறது: இயக்கம் 2, மூச்சு 1, ரத்த ஓட்டம் 2, விழிப்பு 2, ஆக்சிஜன் 2. ஆக்சிஜனுக்கு 2 எப்படி? மாஸ்க் எடுத்ததும் 95 என்று எழுதியிருந்ததால்.

அந்த 95 சுமார் 12:25-க்கு, மாஸ்க்கை எடுத்த கையோடு பார்த்தது. அந்த நேரத்தில் நுரையீரலில் இன்னும் மாஸ்க்கின் ஆக்சிஜன் மீதம் இருக்கும். அது கழுவிப் போகச் சில நிமிடம் ஆகும். மேலோட்டமாக மூச்சு விடுபவருக்கு இன்னும் தாமதமாகும். ஆகவே எடுத்தவுடன் பார்க்கும் எண் மாஸ்க்கின் எண்தான், அறைக்காற்றின் எண் அல்ல. 12:40-க்கு மானிட்டரில் இருப்பது 91. அது 92-க்கு மேல் இல்லை, ஆக்சிஜன் மறுபடி தேவை, எனவே 1. மூச்சும் 1. சரியான மொத்தம் 8.

பதினைந்து நிமிடத்துக்கு முந்தைய ஓர் எண்ணை இப்போதைய மற்ற நான்கோடு சேர்த்ததில் வந்த 9 அது. பார்த்த நேரத்தை ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் எழுதும் பதிவில் இது தானாகவே கண்ணில் படும்.

வலியை இரண்டு விதமாகக் கேட்பது

மூச்சு ஏன் 1-லேயே நிற்கிறது? 'வலி 3' என்பது அசையாமல் படுத்திருக்கும்போது சொன்னது. இப்போது படுக்கையருகே போய், "அம்மா, ஒரு தடவை நல்லா இருமுங்க. இருமும்போது வலி எவ்வளவு? வலியே இல்லைன்னா 0, இதுக்கு மேல தாங்க முடியாதுன்னா 10" என்று கேட்டால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு 6 என்கிறார். மேல்வயிற்றில் அறுவை செய்தவர்கள் வலிக்குப் பயந்து ஆழமாக மூச்சிழுக்க மாட்டார்கள், இருமவும் மாட்டார்கள். நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிப்போகும், SpO2 இறங்கும். ஓய்வில் 3 என்ற எண் இதை முழுவதும் மறைத்துவிட்டது. ஆகவே வலிப் பத்தியில் எப்போதும் இரண்டு எண்கள்: ஓய்வில் / இருமும்போது. 3/6 என்று எழுதினால் யாரும் ஏமாற முடியாது.

எண்ணால் சொல்ல வராதவர்களும் உண்டு. வயதானவர்களிடம் 10-க்கு எவ்வளவு என்றால் திகைப்பார்கள். அவர்களிடம் 'இல்லை, லேசா, மிதமா, கடுமையா' என்று கேட்டு, அந்தச் சொல்லையே எழுதலாம். 'மிதமா' என்றால் 5 என்று நாமாக எண்ணாக்கி எழுதக் கூடாது. ஒரே நோயாளிக்குத் தொடக்கத்தில் எண்ணும் பிறகு சொல்லுமாக மாற்றினாலும் வலி குறைந்ததா கூடியதா என்று தெரியாமல் போகும்.

குமட்டலுக்கு 0 முதல் 3 வரை போதும்: இல்லை, லேசு, மிதம், கடுமை. வாந்தி எத்தனை முறை என்பதைத் தனியாக எழுத வேண்டும். 'கொஞ்சம் பரவால்ல' என்ற கிறுக்கலை 1 என்று ஏற்றலாமா? நர்ஸ் அப்போது நோயாளியிடம் கேட்டு எழுதியது என்று உறுதிசெய்த பிறகே ஏற்றலாம். இங்கே அவர் கேட்டிருக்கிறார், "லேசா இருக்கு" என்று பதில் வந்திருக்கிறது. எனவே 1.

மீதி ஐம்பது நிமிடம்

12:40-க்கு மயக்க மருத்துவரை அழைத்தாகிவிட்டது. தலைப்பக்கத்தை 30 டிகிரிக்கு மேல் உயர்த்தி, மாஸ்க்கை மறுபடி வைத்தார்கள். மூச்சு நிமிடத்துக்கு 16, முழு விழிப்பு. பாரசிட்டமால் 1 கிராம் தியேட்டரில் 11:00-க்கே போயிருப்பதால் இப்போது மறுபடி கொடுக்க முடியாது. 12:45-க்கு மருத்துவர் சொல்லி மூன்றாவது முறை ஃபென்டனில் 25 மைக்ரோகிராம். SpO2 குறைவாக இருக்கும் ஒருவருக்கு மூச்சை அடக்கக்கூடிய மருந்து கொடுப்பது பார்ப்பதற்கு முரணாகத் தோன்றும். ஆனால் மூச்சைத் தடுப்பது வலி என்று தெரிந்த இடத்தில், அளவாக, ஆக்சிஜனும் கண்காணிப்பும் உள்ள அறையில் கொடுப்பது பொருத்தமே. இதே SpO2 91 மூச்சு நிமிடத்துக்கு 8, கண் செருகல் என்ற நிலையோடு வந்திருந்தால் முடிவு நேர் எதிராக இருக்கும். அதனால்தான் ஓபியாயிட் கொடுக்கும் ஒவ்வொரு வரியிலும் மூச்சு எண்ணிக்கையும் விழிப்பும் கூடவே இருக்க வேண்டும்.

இந்த ஊசியோடு இன்னொரு கடிகாரமும் தொடங்குகிறது. நரம்பு வழியாகக் கடைசி ஓபியாயிட் கொடுத்தபின் குறிப்பிட்ட நேரம் ரெகவரி ரூமிலேயே பார்த்திருக்க வேண்டும். எத்தனை நிமிடம் என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும், 15 முதல் 30 வரை வழக்கம். மார்ஃபினின் முழு விளைவு ஃபென்டனிலைவிடத் தாமதமாக வரும் என்பதால் அதற்கு நீண்ட நேரம் வைப்பது நல்லது. 30 நிமிடம் என்று வைத்திருக்கும் இடத்தில், பதிவில் 12:45 என்று தெளிவாக இருந்தால் 13:15-க்கு முன் அனுப்பக் கூடாது என்பது படிக்கிற எவருக்கும் விளங்கும்.

முழுப் பதிவு இப்படி அமைகிறது. மதிப்பெண் வரிசை: இயக்கம், மூச்சு, ரத்த ஓட்டம், விழிப்பு, ஆக்சிஜன்.

| நேரம் | பி.பி. | SpO2 | மதிப்பெண் | வலி ஓய்வு/இருமல் | குமட்டல் | செய்தது |
|---|---|---|---|---|---|---|
| 11:40 | 96/58 | 94 மாஸ்க் | –, –, 1, 1, 1. மொத்தம் இல்லை | – | – | வருகை |
| 11:50 | – | – | – | 8/– ஊசிக்கு முன் | – | ஃபென்டனில் 25 |
| 11:55 | 118/70 | 97 மாஸ்க் | 2, 1, 2, 1, 1 = 7 | – | – | – |
| 12:00 | – | – | – | 6/– ஊசிக்கு முன் | – | ஃபென்டனில் 25 |
| 12:00–12:15 | – | – | – | 3/– | – | – |
| சுமார் 12:15 | – | – | – | – | வாந்தி 1 முறை | மெட்டோகுளோபிரமைடு 10 மி.கி. |
| சுமார் 12:25 | – | 95 மாஸ்க் எடுத்தவுடன் | – | – | 1 | மாஸ்க் நீக்கம் |
| 12:40 | 130/78 | 91 அறைக்காற்று | 2, 1, 2, 2, 1 = 8 | 3/6 | 1 | மாஸ்க் மீண்டும், மருத்துவர் அழைப்பு |
| 12:45 | – | – | – | – | – | ஃபென்டனில் 25, மூச்சு 16, முழு விழிப்பு |
| 13:10 | 128/76 | 98 மாஸ்க் | 2, 2, 2, 2, 1 = 9 | 1/3 | 0 | மாஸ்க் நீக்கம் |
| 13:25 | 132/80 | 95 அறைக்காற்று, 15 நிமிடம் | 2, 2, 2, 2, 2 = 10 | 1/3 | 0 | வார்டுக்குத் தகுதி |

அட்டவணையில் கோடுகள் நிறைய இருப்பதைப் பார்த்து உறுத்தலாம். 12:40 வரை உள்ளவை கிறுக்கலிலிருந்து மீட்டவை, அவ்வளவுதான் மீட்க முடிந்தது. அதன்பின் உள்ளவை அப்போதைக்கப்போது எழுதியவை, அதனால் நிறைவாக இருக்கின்றன. மீட்ட வரிகளுக்குப் பக்கத்தில் 'பின்பதிவு, எழுதியது 12:40' என்று கையெழுத்தோடு குறிக்க வேண்டும். மதிப்பெண் 9-ஐ 8 என்று திருத்தும்போது வெள்ளை மை கூடாது. ஒற்றைக் கோடு போட்டு, பழைய எண் படிக்கத் தெரியும்படி விட்டு, பக்கத்தில் புதியதை எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

ஃபென்டனில் கணக்கையும் இங்கேயே முடித்துவிடலாம். மூன்று முறை 25, ஆக 75 மைக்ரோகிராம். 2 மி.லி. ஆம்ப்யூலில் 100 இருக்கும். மீதி 25, அதாவது அரை மி.லி., சாட்சியோடு கொட்டியதாகப் பதிவேட்டில் இருக்க வேண்டும். அட்டவணையும் பதிவேடும் ஒத்துப்போகவில்லை என்றால் ஏதோ ஒரு வரி விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம், மதிப்பெண்ணைக்கூட மறுபடி பார்க்க வேண்டும்.

அனுப்பும் முன்

மொத்தம் 9 அல்லது 10 என்பது ஒரு நிபந்தனை மட்டுமே. எந்தப் பகுதியிலும் 0 இருக்கக் கூடாது, அறைக்காற்றிலோ அல்லது வார்டில் தொடரும்படி மருத்துவர் எழுதிய ஆக்சிஜனிலோ SpO2 பத்துப் பதினைந்து நிமிடம் நிலையாக நிற்க வேண்டும், இருமும் அளவுக்கு வலி அடங்கியிருக்க வேண்டும், கடைசி ஓபியாயிட்டுக்கான காத்திருப்பு முடிந்திருக்க வேண்டும், வாந்தி நின்றிருக்க வேண்டும். கட்டு ஈரமாகிறதா என்று கண்ணால் பார்த்து நேரத்தோடு எழுத வேண்டும். உடல் சூடு 36 டிகிரியாவது இருக்க வேண்டும். குளிரில் நடுங்குபவருக்கு ஆக்சிஜன் தேவை கூடும். ஐ.வி. ஊசிக் குழாயில் மயக்க மருந்தோ தசை தளர்த்தும் மருந்தோ மிச்சம் தங்கியிருந்தால், வார்டில் அடுத்த ஊசி போடும்போது அது உள்ளே தள்ளப்பட்டு மூச்சு நின்றுபோக வாய்ப்புண்டு. ஆகவே சலைன் செலுத்திக் குழாயைக் கழுவியதையும் ஒரு வரியாக எழுத வேண்டும்.

முதுகில் ஊசி போட்டு மரத்துப்போனவர்களுக்கு இந்த மதிப்பெண் முழுதாகப் பொருந்தாது. கால் இரண்டும் அசையாததால் இயக்கம் 1-க்கு மேல் போகாது, மொத்தம் 9-லேயே நிற்கும். மற்ற நான்கிலும் முழு மதிப்பெண் இருந்தால்தான் அந்த 9. எங்கேயாவது 1 குறைந்தால் 8 ஆகி, தகுதியில்லாதவர் போலத் தோன்றுவார். அவர்களுக்குக் கால் எந்த அளவுக்கு மடங்குகிறது என்பதையும், மரத்துப்போன எல்லை தொப்புளுக்கு மேலா கீழா என்பதையும் தனிப் பத்தியில் நேரத்தோடு எழுதி, அது இறங்கி வருகிறதா என்று பார்ப்பதே சரி.

இந்த நோயாளி 13:30-க்கு வார்டுக்குப் போகிறார். வார்டு சிஸ்டரிடம் '10 இருக்கு, நல்லா இருக்காங்க' என்று மட்டும் சொன்னால் போதாது. 12:40-க்கு அறைக்காற்றில் SpO2 91-க்கு இறங்கியது, காரணம் இருமும்போதிருந்த வலி, கடைசி ஃபென்டனில் 12:45, பாரசிட்டமால் அடுத்தது 17:00-க்குப் பிறகு, ஆன்டான்செட்ரான் 11:20-க்கும் மெட்டோகுளோபிரமைடு சுமார் 12:15-க்கும் கொடுத்தாகிவிட்டது, SpO2 மறுபடி 92-க்கோ அதற்குக் கீழோ இறங்கினால் முதலில் உட்காரவைத்து இருமச் சொல்லி வலியைக் கேளுங்கள், மருத்துவருக்கும் தகவல் சொல்லுங்கள் என்று தாளைக் காட்டிச் சொல்லி, வார்டில் எடுத்த முதல் அளவை அதே தாளின் அடுத்த வரியில் நேரத்தோடு எழுதச் செய்ய வேண்டும்.